பதினாலு பேர் முன்னால் சொன்ன சொல்

"ஃபேன் போட்டுக்கலாமா?"

என் வீட்டுக்காரர் இப்படிக் கேட்டது என்னை இல்லை, எங்கள் மகள் செல்வியை. அவள் அப்போதுதான் சாகண் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் ஷிப்டு முடிந்து வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கோடைக்காலம். போபோடியில் எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. சூரியன் இறங்கிப் போன பிறகும் தகரச் சூடு இறங்காது, இரவு எட்டு மணி வரை அப்பளம் சுடலாம்.

"இன்னா நைனா இது? போட்டுக்கோ."

"இல்லம்மா. கரண்டு பில்லு நீ கட்டுற. கேட்டுட்டுப் போடறதுதான் மொறை."

ஃபேன் சுற்றியது. அவர் அதன் கீழே உட்காரவில்லை. அனுமதி வாங்கினதே போதும் என்பதுபோல் எழுந்து வெளியே போய்விட்டார்.

இந்தக் கூத்து அத்தோடு நிற்கவில்லை. டிவி போடலாமா, வெந்நீர் வைக்கலாமா, ரெண்டாம் தடவை குழம்பு ஊற்றிக்கொள்ளலாமா என்று எல்லாவற்றுக்கும் மகளிடம் மனுக் கொடுத்தார். முப்பத்தி நாலு வருஷம் கட்கி ராணுவ டிப்போவில் சரக்குத் தூக்கினவர். அதிகாரிக்கு சலாம் வைக்கக் கூச்சப்பட்டவர் பெற்ற மகளுக்கு வைத்தார். சத்தம் போட்டிருந்தால் ரெண்டு நாளில் முடிந்திருக்கும். மரியாதையாகத் தண்டித்தால் அதற்குக் கெடு கிடையாது.

காரணத்தைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் பிஷி என்றால் என்ன என்று சொல்ல வேண்டும்.

மாவு மில் ஞாயிற்றுக்கிழமை

நம் ஊரில் சீட்டு பிடிப்பதுபோல் இங்கே மராட்டிக்காரர் ஊரில் பிஷி. ஆனால் தள்ளுபடி, ஏலம் எதுவும் இல்லை. பதினைந்து பேர், மாதம் ஆளுக்கு ஒரே தொகை. முதல் ஞாயிற்றுக்கிழமை போஸ்லேயின் மாவு மில்லில் கூடுவார்கள். பெயர் எழுதின காகிதங்களை மடித்து எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுப்பார்கள். யார் பெயரோ அவருக்கு அந்த மாதப் பணம் முழுவதும். எடுத்தவர் பெயர் அடுத்த மாதம் டப்பாவில் இருக்காது, ஆனால் கடைசி மாதம் வரை பணம் கட்ட வேண்டும். பத்திரமும் இல்லை, ஜாமீனும் இல்லை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதுதான் ஜாமீன்.

வாங்குகிறவர் தாமே வந்து, எல்லார் முன்னாலும் எண்ணி, நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அன்றைக்குப் பலகாரமும் அவர் செலவு.

டப்பாவில் கை விட்டு எடுக்கிறவர் எங்கள் வீட்டுக்காரர். பதினைந்து பேரில் மராட்டிக்காரர்கள் பத்து, தெலுங்கர் ரெண்டு, ஒரு சர்தார், நாங்கள், இன்னொரு தமிழ்க் குடும்பம். எடுக்கிற கை மட்டும் எங்களுடையது. "அண்ணா கை வைத்தால் பேச்சில்லை" என்பார் போஸ்லே. ஓய்வு பெற்ற மனுஷனுக்கு மாதத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் பெரிய பதவி. அன்றைக்கு மட்டும் இஸ்திரி போட்ட சட்டை.

நோட்டில் பெயர் செல்வியுடையது, பணமும் அவள் சம்பளம். கோந்த்வாவில் கட்டுகிற ஒரு அடுக்குமாடியில் சின்ன வீடு பார்த்திருந்தாள். பிஷி வந்தால் முன்பணம், மிச்சம் பேங்க் கடன் என்று கணக்கு. தகரக் கூரையை விட்டுப் போவது எங்களையும் சேர்த்துத்தான்.

பதினோராம் மாதம் அவர் தன் கையாலேயே தன் மகள் பெயரை எடுத்தார். எடுத்த கையோடு பவாருக்குக் கொடுத்துவிட்டார்.

பவார் பக்கத்து சந்துக்காரர், பிளம்பர். அவர் மனைவி சுமனுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன், உடனே பண்ணியாக வேண்டும். "இந்த மாசம் நீ எடு, உன் பேர் வரும்போது நாங்க எடுத்துக்கறோம்" என்றார் எங்கள் வீட்டுக்காரர். பிஷியில் இது நடக்கிற வழக்கம்தான். பணம் எங்கேயும் ஓடிப்போகாது, முறைதான் பின்னால் போகும்.

முறை பின்னால் போனதில் வீடு போய்விட்டது.

நோட்டில் பார்த்தாள்

அந்த மாதம் செல்விக்கு ராத்திரி ஷிப்டு. பன்னிரண்டாம் மாதக் கூட்டத்தன்று, பில்டர் கெடு வைத்துவிட்டார் என்று அவளே நேரில் மில்லுக்கு வந்தாள். இந்தத் தடவை குலுக்காமல் தனக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்க. நான் பின்னால் டீ கேனோடு போயிருந்தேன்.

போஸ்லே நோட்டைத் திருப்பினார். அவருக்கு எல்லார் வீட்டுப் பெண்ணும் 'பேட்டி', மகள். "பேட்டி, உன் பேர் போன மாசமே வந்துடுச்சே. அண்ணா பவாருக்குக் கொடுத்தாரே, உனக்குத் தெரியாதா?"

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பேசினாள், எல்லாருக்கும் புரிகிற மாதிரி இந்தியில். தமிழில் பேசியிருந்தால் அது வீட்டுச் சண்டை. இந்தியில் பேசினதால் ஊர்ச் சண்டை ஆகிவிட்டது.

"வாழ்க்கை பூரா சொந்தக் காசுல ஒருத்தருக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுக்க வக்கில்லாத ஆளு, இப்ப என் காசுல வள்ளல் ஆகிறாரு" என்றாள்.

மில்லில் மாவு ஓடாத நாள். அதனால் ஒவ்வொரு எழுத்தும் எல்லார் காதிலும் விழுந்தது. என் வீட்டுக்காரர் டப்பாவைக் கீழே வைத்தார், மூடியைச் சரியாகப் போட்டார், செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அதற்கப்புறம் பிஷிக்குப் போகவில்லை. பணத்தை என்னிடம் கொடுத்தனுப்பினார். போஸ்லே எடுக்க ஆரம்பித்தார். பெயர் வராதவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

பண விஷயத்தில் செல்வி பேசினது நியாயம். அதுதான் தொல்லையே. தப்பு முழுவதும் நம் பேரில் இருந்தால் காலில் விழுந்து எழுந்துவிடலாம். நியாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்பது, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர்க் குடம் தூக்குகிற மாதிரி.

ஷூ மாட்டிக்கொண்டே

முதல் மன்னிப்பு காலை ஐந்தேமுக்காலுக்கு நடந்தது. கம்பெனி பஸ் முனைக்கு வருகிற நேரம்.

"சாரி நைனா" என்றாள், ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே.

"எதுக்கு?"

"அன்னிக்கு மில்லுல பேசினதுக்கு. ஆனா நீயும் ஒரு வார்த்தை கேட்டுர்க்கலாம் இல்ல?"

"பஸ்ஸு போயிடும்."

அவள் நாடாவை விட்டுவிட்டு, அதே சாரியை இந்தியில், "மாஃப் கரோ நைனா, போதுமா?" என்றாள்.

"மாஃப் கரோன்னு இங்க யாருக்கு சொல்லுவாங்க தெரியுமா? வாசல்ல தட்டு ஏந்தி நிக்கறவனுக்கு. ஒண்ணும் இல்ல, போப்பான்னு அர்த்தம்."

பஸ் போய்விட்டது. அன்றைக்கு அவள் ஆட்டோவுக்குக் கொடுத்த காசில் ஒரு கிலோ மட்டன் வாங்கியிருக்கலாம்.

ரெண்டாவது மன்னிப்பு சட்டைத் துணி வடிவத்தில் வந்தது. நல்ல துணி, கேம்ப் பஜாரில் பெரிய கடையில் எடுத்தது. அவர் தடவிப் பார்த்தார், பில்லை மடித்துத் துணிக்குள்ளேயே வைத்தார். "எத்தினி நாளுக்குள்ள திருப்பிக் குடுத்தா காசு தருவான்னு இதுல போட்டுர்க்கா, பாரு" என்றார் என்னிடம். எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். இங்கிலீஷ் பில்லை என்னிடம் நீட்டுகிறார் என்றால் கேள்வி எனக்கில்லை என்று தெரிந்துகொண்டேன்.

நான் தூது போன கதை

எங்கள் பக்கத்தில் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வீட்டுக்குள் புழங்கிப் பார்த்ததில்லை. மேடையில் பேசுகிறவர்கள் சொல்வார்கள். வீட்டில் எல்லாம் குழம்பு வழியாகத்தான். என் மாமியார் என்னைத் திட்டின அன்றைக்கு ராத்திரி என் தட்டில் மீன் துண்டு ஒன்று கூடுதலாக இருக்கும். நடுத்துண்டு என்றால் கொஞ்சம் அதிகமாகவே வருத்தப்படுகிறார் என்று அர்த்தம். ஒரு தடவை தலை வந்தது. அது மன்னிப்பா, திட்டின மிச்சமா என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

இந்தக் கல்வியை வைத்துக்கொண்டு நான் தூது போனேன்.

செல்வி என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "நான் பேசின விதம் தப்பும்மா. நைனா கைல சொல்லு."

எனக்கு அது சப்பென்று இருந்தது. நான் பொய் சொல்கிற ஜாதி இல்லை, கொஞ்சம் உப்புப் போடுவேன். "பொண்ணு ரெண்டு நாளா சோறு துண்ணாம அழுதுகினு கெடக்கறா" என்று போய்ச் சொன்னேன்.

"நேத்து ராத்திரி அஞ்சு சப்பாத்தி துண்ணா" என்றார் அவர். "நான் எண்ணினேன். எண்ணறதுக்குப் பர்மிசன் வாங்கல, அது என் தப்பு."

"அவ்ளோ எண்ணத் தெரிஞ்ச ஆளு, அவ எத்தினி தடவை சாரி கேட்டான்னும் எண்ணு."

"எண்ணினேன். மூணு. ஒண்ணு பஸ்ஸுக்கு, ஒண்ணு கடைக்கு, ஒண்ணு உனக்கு. எனக்கு இன்னும் வரல."

அவர் அழுத்தமாக உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். பிறகு, கேட்காமலே சொன்னார்.

"இந்தாம்மே, அவ திட்னத சமையல்கட்டுல திட்டல. பதினாலு பேரு முன்னால திட்னா. அது அவங்க காதுலதான் இன்னும் நின்னுகினு கீது. மன்னிப்ப மட்டும் சமையல்கட்டுல குடுத்தா, அது எப்படி அங்க போயி சேரும்? கடையில வாங்கின சாமானை வேற கடையில திருப்புவாங்களா?"

இந்தத் தடவை உப்புப் போடாமல் அப்படியே செல்வியிடம் சொன்னேன்.

"அந்தக் காகாங்க முன்னாலயா?" என்றாள். இங்கே சித்தப்பா, பெரியப்பா வயசுக்காரர்கள் எல்லாரும் காகா. "நான் போயி நின்னா, பண விஷயத்துலயும் நான்தான் தப்புன்னு ஆயிடும்மா. என் வீடு போச்சும்மா!"

"ஆவட்டும்."

"ஆவட்டுமா? உனக்கென்ன!"

எனக்கென்ன என்று அவள் கேட்டது பொருத்தம்தான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

டப்பாவில் ஒரே சீட்டு

அதிர்ஷ்டம் பாருங்கள், பவாரின் பெயர் பன்னிரண்டிலும் வரவில்லை, பதிமூன்றிலும் வரவில்லை, பதினாலிலும் வரவில்லை. கடைசி மாதம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். குலுக்க வேண்டியதே இல்லை. ஆனால் வாங்குகிறவர் நேரில் வந்தாக வேண்டும். மூன்று மாதம் கழித்து என் வீட்டுக்காரர் இஸ்திரி சட்டை போட்டார். எனக்குப் பயமாக இருந்தது. பணத்தை வாங்கிக்கொண்டு, இனிமேல் பிஷியில் இல்லை என்று சொல்லிவிட்டு வருவதாக ராத்திரியே சொல்லியிருந்தார்.

மழைக்காலம் பிறந்திருந்தது. மில் முழுக்க ஈரக் கோதுமை வாசனை. நான் பலகாரத்துக்குப் போஹே, நம் ஊர் அவல் உப்புமாதான், கிண்டி எடுத்துப் போனேன். எல்லாரும் சாக்கு மூட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தார்கள். செல்வி எங்களுக்குப் பின்னால் தனியாக வந்தாள். கம்பெனி யூனிபார்மில், நனைந்து.

உட்காரவில்லை. நின்றுகொண்டே இந்தியில் ஆரம்பித்தாள்.

"காகா எல்லாரும் கேளுங்க. மூணு மாசம் முன்னால இதே இடத்துல எங்க அப்பாவ நான் ஒரு வார்த்தை சொன்னேன்."

"அரே பேட்டி, யாருக்கு ஞாபகம் இருக்கு" என்றார் சர்தார்.

"எதுவும் சொல்லலையே" என்றார் இன்னொருவர். பதினாலு பேருக்கும் ஒரே சமயத்தில் மறதி வந்துவிட்டது. அவ்வளவு நல்ல மனுஷர்கள்.

"இல்ல, சொன்னேன்" என்றாள் அவள். "சொந்தக் காசுல ஒரு டீ வாங்கிக் கொடுக்க வக்கில்லாத ஆளுன்னு சொன்னேன். என் காசுல வள்ளல் ஆகிறாருன்னு சொன்னேன்."

அந்த வார்த்தைகளை அவள் திரும்பச் சொன்னபோது எனக்குத் தட்டு நழுவியது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் இன்னொரு தடவை குத்துகிறாள் என்று நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது. எந்தச் சாமானைத் திருப்புகிறோம் என்று எடுத்துக் காட்டாமல் திருப்ப முடியாது.

"அது பொய்" என்றாள். "என் டிப்ளமோ ஃபீஸ் கட்டினது அவர் ஓவர்டைம். அன்னிக்கு எனக்குக் கோபம், அவருக்கு எது ரொம்ப வலிக்கும்னு தெரிஞ்சு அதையே எடுத்தேன். அது என் தப்பு. பண விஷயத்துல எனக்கு இன்னும் கோபம் இருக்கு. அந்தச் சண்டைய வீட்டுல அவர்கிட்டயே போடுவேன். அதையும் இதையும் கலக்கல. இந்த வார்த்தைய இங்க சொன்னேன், இங்கயே திரும்ப எடுத்துக்கறேன்."

'ஆனால்' வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை.

அப்போது போஸ்லே தொண்டையைச் செருமினார். முப்பது வருஷம் மில் சத்தத்தில் இருந்ததால் அவருக்குக் காது பாதி. அந்தப் பாதியில் மட்டும் எல்லாம் விழும்.

"பேட்டி, ஒண்ணு விட்டுட்டே. வாசல்ல போகும்போது, 'கேட்கிறவனுக்கும் வெட்கமில்ல'ன்னு சொன்னே. நான் பக்கத்துல நின்னேன்."

மூலையில் பவார் இன்னும் சிறியவராக ஆனார். அதைச் செல்வி மறந்தே போயிருந்தாள். சொல்கிறவர்கள் மறந்துவிடுவார்கள்.

அவள் பவாரிடம் போனாள். "காகா, அது உங்கள. சொல்லியிருக்கக் கூடாது. சுமன் மாவ்ஷி எப்படி இருக்காங்க?"

"நடக்கிறா" என்றார் பவார். "நானே உன்கிட்ட வந்து கேட்டிருக்கணும், பேட்டி. ஆம்பளைங்களுக்குள்ள பேசி முடிச்சுட்டோம்."

எல்லாரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். இப்போது அவர் முறை. 'மன்னித்தேன்' என்று சொல்ல அவர் என்ன மகாராஜாவா? எழுந்தார், டப்பாவைத் திறந்தார், அதில் கிடந்த ஒரே சீட்டை, குலுக்கி எடுக்கிற மாதிரியே கை விட்டு எடுத்து, பவார் என்று படித்தார். சர்தார் சிரித்துவிட்டார்.

"நோட்டுல பேரு அவளோடது, காசு அவளோடது" என்றார் என் வீட்டுக்காரர். "கேக்காம குடுத்தது என் தப்பு. அதுக்கு நானும் இங்கதான் சொல்லணும், இங்கதான் குடுத்தேன். கையெழுத்து அவ போடட்டும்."

அவள் போட்டாள். பணத்தை ரெண்டு தடவை எண்ணினாள். அப்பா மகள்தான்.

அடுத்த பிஷியில் எங்கள் பெயர் இருக்கிறதா என்று போஸ்லே கேட்டபோது அவர் மழையைப் பார்த்து, "டப்பா பழசாயிடுச்சு, மாத்துங்க" என்றார். அவர் பாஷையில் அது ஆமாம்.

வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே சண்டை ஆரம்பித்தது. கோந்த்வாவில் அவள் பார்த்திருந்த வேறு வீடு நாலாவது மாடி, லிஃப்ட் இல்லை. "உனக்கு மூளை கீதா? உங்க அம்மாவ யாரு தூக்கினு போறது?" என்று நடுச்சந்தில் கத்தினார். "நீதான் மூட்டை தூக்கின ஆளாச்சே" என்று அவள் கத்தினாள். குடை அவர்களோடு போய்விட்டது. நான் காலிப் பாத்திரத்தைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். மூன்று மாதத்தில் அன்றைக்குத்தான் எனக்கு நிம்மதி.

எனக்கென்ன

இப்போது என் பங்கு.

சுமனுக்கு ஆபரேஷன் என்று குழாயடியில் எனக்குத்தான் முதலில் தெரியும். "நம்ம பேரு வந்தா அவங்களுக்குக் குடுத்துடுங்க" என்று வீட்டுக்காரரிடம் சொன்னது நான். "செல்விய கேக்க வேணாவா?" என்று அவர் கேட்டார். "அவ கைல நான் சொல்லிக்கறேன்" என்றேன். சொல்லலாம் சொல்லலாம் என்று நாள் போயிற்று. அவள் ராத்திரி ஷிப்டு முடிந்து தூங்குவாள், எழுந்தால் கிளம்புவாள். ஒரு நாள் அவளே, "பேரு வந்துச்சாம்மா?" என்று கேட்டாள். "நைனாவக் கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

மில்லில் அவள் கத்தின அன்றைக்கு அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். நிறைந்த டம்ளரில் மறுபடியும் ஊற்றினேன். அவர் கடைசிவரை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. 'கேக்காம குடுத்தது என் தப்பு' என்று பதினாலு பேர் முன்னால் சொன்னபோதும்.

இத்தனை வருஷம் கழித்து, எழுத்துக் கூட்டி இதை எழுதும்போது முதலில் சௌகரியமாகத்தான் இருந்தது. செல்விக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டேன், அவளுக்கு மட்டும் போகாது. மன்னிப்புக் கேட்க இதைவிட நல்ல இடம் கிடைக்குமா?

எழுதினதை வீட்டுக்காரரிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். "அந்த யோசனை உன்னுதா? எனக்கு ஞாபகமே இல்லியே" என்றார். பிறகு காகிதத்தை என்னிடமே நீட்டினார். "இது என்னான்ட குடுக்க வேண்டியது இல்ல."

அந்த நாலு மாடியை நினைத்து நாங்கள் போபோடியிலேயே தங்கிவிட்டோம். போன ஞாயிற்றுக்கிழமை கோந்த்வாவில் செல்வி வீட்டுக்குப் போனேன். நாலு மாடி ஏறினேன். மருமகனும் அவன் அம்மாவும் இருந்தார்கள். இருக்கட்டும் என்று அவர்கள் முன்னாலேயே, எழுத்துக் கூட்டி, முழுவதும் படித்தேன். அரை மணி நேரம் ஆயிற்று.

முடிந்ததும் செல்வி, "அந்த மூணு மாசமும் நீ எங்கூடவே உக்காந்து சோறு போட்டியேம்மா" என்றாள். அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மருமகன் என்னைப் பஸ் ஸ்டாப்பில் விட்டான்.

இன்றைக்கு ஐந்தாவது நாள். போன் வரவில்லை.

"பண்ணாளா?" என்று அவர் காலையில் கேட்டார்.

"இல்ல."

"பண்ணமாட்டா" என்றார். குரலில் பெருமை வழிந்தது. "நானே மூணு மாசம் இருந்தேன். அவ என்னாட்டம்."

பிறகு அவர் கையாலேயே எனக்கு டீ போட்டுக் கொடுத்தார், அவர் அம்மா மீன் துண்டு வைத்த மாதிரி. சர்க்கரை சரியாக இருந்தது.